நாக்-அவுட் புட் பாதி விலைக்குக் கிடைக்கிறது. எதை விட்டுக்கொடுக்கிறோம்?

நூல்கண்டு | திங்கள், மாலை 6:12

வணக்கம். திருப்பூரில் ஒரு சிறிய பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறேன். நான்கு மாதத்தில் 3 லட்சம் டாலர் வர வேண்டியிருக்கிறது. டாலர் இப்போது 85 ரூபாயில் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அது கீழே போனால் எங்கள் லாபம் கரைந்துவிடும், அதனால் 85-க்கு விற்கும் உரிமையாக ஒரு புட் வாங்கலாம் என்று முதலாளியிடம் சொன்னேன்.

வங்கியில் இரண்டு விலை கொடுத்தார்கள். சாதாரண புட் டாலருக்கு 84 பைசா, மொத்தம் 2,52,000 ரூபாய். இன்னொன்று நாக்-அவுட் வைத்தது, டாலருக்கு 42 பைசா, மொத்தம் 1,26,000. விற்கும் விலையான ஸ்ட்ரைக் அதே 85, அதே தேதி. "82-ஐத் தொட்டால் மட்டும் ரத்து, அங்கெல்லாம் போகாது" என்றார் அந்த அதிகாரி. முதலாளிக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. எனக்கு என்னவோ உறுத்துகிறது, ஆனால் எது என்று சொல்லத் தெரியவில்லை. படம் போட்டுக் காட்ட யாராவது உதவ முடியுமா? நாளை மறுநாள் பதில் சொல்ல வேண்டும்.

நிஃப்டிக்காரன் | திங்கள், மாலை 6:50

இது ஸ்டாப் லாஸ் மாதிரிதானே? ஒரு விலை வந்தால் பொசிஷன் மூடிவிடும். நான் தினமும் நிஃப்டி ஆப்ஷனில் ஸ்டாப் லாஸ் போட்டுத்தான் வாங்குகிறேன். பிரீமியம் பாதி என்றால் நஷ்டமும் பாதிதான் ஆகும். தாராளமாக வாங்கலாம்.

கரைமேல் | திங்கள், இரவு 8:05

நிஃப்டிக்காரன் தம்பி, இரண்டும் வேறு. ஸ்டாப் லாஸ் அடித்தால் நீங்கள் ஆப்ஷனை விற்று வெளியே வருகிறீர்கள், அன்றைய விலை கையில் கிடைக்கும். நாக்-அவுட் அடித்தால் ஆப்ஷனே செத்துவிடும், கையில் ஒன்றும் வராது. இன்னொன்றையும் கவனியுங்கள். ஸ்டாப் லாஸ் உங்களுக்கு எதிராகச் சந்தை போகும்போது அடிக்கும். நூல்கண்டுக்குக் கொடுத்திருக்கும் தடை, புட் லாபத்தில் இருக்கும்போது அடிக்கிறது. டாலர் 82-க்கு வந்தால் 85-க்கு விற்கும் உரிமை டாலருக்கு 3 ரூபாய் பக்கம் பெறும். அந்த நிமிடம்தான் அது காணாமல் போகிறது.

முதலில் சாதாரண புட்டின் படம். கீழ்க்கோட்டில் முடிவு நாளன்று டாலர் விலை, இடப்பக்கம் ஒரு டாலருக்குக் கிடைக்கும் ரூபாய்.

```
4 |\
3 |   \
2 |      \
1 |         \
0 |            \_____
   81 82 83 84 85 86
```

85-க்குக் கீழே எவ்வளவு விழுந்தாலும் அந்த அளவுக்குக் கை கொடுக்கும். இனி 82-இல் நாக்-அவுட் வைத்தது:

```
3 |  |\
2 |  |   \
1 |  |      \
0 |__|         \_____
   81 82 83 84 85 86
```

82-க்கு ஒரு பைசா மேலே இருக்கும்வரை கிட்டத்தட்ட 3 ரூபாய். 82-இல் பூஜ்யம். இந்தச் செங்குத்தான சுவர்தான் உங்களை உறுத்துவது என்று நினைக்கிறேன். பெரிய வீழ்ச்சிக்குத்தான் காப்பு வாங்குகிறோம். பெரிய வீழ்ச்சி வந்தால் இது கூட இருக்காது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் படமும் முழு உண்மை இல்லை. முடிவு நாளில் டாலர் 84-இல் நின்றால் 1 ரூபாய் கிடைக்கும் என்று படம் சொல்கிறது. நடுவில் ஒருநாள் 82-ஐத் தொட்டுவிட்டு மீண்டு 84-க்கு வந்திருந்தால் கிடைக்காது. சாதாரண ஆப்ஷனுக்கு முடிவு விலை மட்டும் போதும். தடை வைத்த ஆப்ஷனுக்கு எந்த வழியாக வந்தது என்பதும் வேண்டும். அதனால் இதற்கு இரண்டு படம் வரைய வேண்டும்: தொடாமல் வந்ததற்கு ஒன்று, தொட்டு வந்ததற்கு ஒன்று. இரண்டாவது படம் வெறும் தரைக்கோடு. அந்த இரண்டாவது படத்தை யாரும் காகிதத்தில் போட்டுக் காட்டுவதில்லை.

எட்டாம்வாய்பாடு | திங்கள், இரவு 9:30

சார், நான் புள்ளியியல் முதுகலை படிக்கிறேன். நீங்கள் சொன்ன "வழி" என்பதைக் கையால் எண்ணிப் பார்த்தேன். மாதத்துக்கு ஒருமுறை டாலர் ஒரு ரூபாய் ஏறும் அல்லது இறங்கும், இரண்டுக்கும் சம வாய்ப்பு என்று வைத்தேன். நான்கு மாதத்துக்கு மொத்தம் 16 வழிகள்.

81-இல் முடிவது ஒரே வழி, நான்கும் இறக்கம். புட் 4 ரூபாய் தரும். 83-இல் முடிவது நான்கு வழி, ஒவ்வொன்றும் 2 ரூபாய். மீதி 11 வழிகளில் ஒன்றும் இல்லை. மொத்தம் 12 ரூபாயை 16-ஆல் வகுத்தால் 75 பைசா.

இப்போது 82-இல் நாக்-அவுட். 81-க்குப் போகும் வழி 82-ஐத் தாண்டித்தான் போகிறது, அது போச்சு. 83-இல் முடியும் நான்கில், முதல் மூன்று மாதமும் இறங்கிக் கடைசியில் ஏறிய வழி 82-ஐத் தொட்டிருக்கிறது, அதுவும் போச்சு. மிச்சம் மூன்று வழி, 6 ரூபாய். 16-ஆல் வகுத்தால் 37.5 பைசா. சரியாகப் பாதி! வங்கி சொன்ன 84-க்கும் 42-க்கும் அதே விகிதம்தான்.

போன இரண்டு வழிகளின் 6 ரூபாய்தான் நாக்-இன் புட். அதாவது 82-ஐத் தொட்டால் மட்டும் உயிர் பெறுவது. அதுவும் 37.5 பைசா. இரண்டையும் கூட்டினால் 75.

```python
from itertools import product
K, H, step = 85, 82, 1
plain = ko = 0
for path in product([step, -step], repeat=4):
    s, alive = 85, True
    for move in path:
        s += move
        if s <= H:
            alive = False
    pay = max(K - s, 0)
    plain += pay
    if alive:
        ko += pay
print(plain / 16, ko / 16)
```

கரைமேல் | திங்கள், இரவு 10:02

அருமை. நீங்கள் கடைசியில் சொன்னதுதான் இந்த விஷயத்தின் அச்சாணி. ஒரே ஸ்ட்ரைக், ஒரே தடை, ஒரே தேதி என்றால் நாக்-இன்னும் நாக்-அவுட்டும் சேர்ந்தது சாதாரண ஆப்ஷன். தொட்டால் ஒன்று உயிரோடு இருக்கும், தொடாவிட்டால் மற்றது. ரத்தானால் கொஞ்சம் பணம் திருப்பித் தருவோம் என்று ஒப்பந்தத்தில் இருந்தால் மட்டும் இந்தக் கூட்டல் மாறும்.

நூல்கண்டு, இதை இப்படிப் படியுங்கள். நீங்கள் 42 பைசா மிச்சம் பிடிக்கவில்லை. 84 பைசாவுக்குச் சாதாரண புட் வாங்கி, அதிலிருந்து "82-ஐத் தொட்டால் உயிர் பெறும் புட்" ஒன்றை வங்கிக்கே 42 பைசாவுக்கு விற்றுவிட்டீர்கள். முதலாளியிடம் கேளுங்கள்: டாலர் 82-ஐத் தொடும் சூழலில் மொத்தக் காப்பையும் 1,26,000 ரூபாய்க்கு விற்க அவர் சம்மதிப்பாரா?

நிஃப்டிக்காரன் | செவ்வாய், காலை 7:15

ஸ்டாப் லாஸ் விஷயம் புரிந்தது, தவறாகச் சொல்லிவிட்டேன். ஆனால் நாக்-இன் பற்றி ஒன்று தெரியும். தொடங்கும்போது உயிரில்லாததால் நாக்-இன் எப்போதும் சாதாரண ஆப்ஷனைவிட மலிவு. அதனால் நாக்-இன் புட் வாங்கினால் என்ன? 84-ஐத் தொட்டால் உயிர் பெறும் 84 ஸ்ட்ரைக் புட் கேளுங்கள். மலிவாகக் கிடைக்கும், விழும்போது காப்பும் இருக்கும்.

கரைமேல் | செவ்வாய், காலை 8:40

பாதி சரி. சாதாரணத்தைவிட விலை கூட ஆகாது, அது உண்மை. ஆனால் நீங்கள் சொன்ன உதாரணத்தை எடுங்கள். 84 ஸ்ட்ரைக் புட் பணம் தர வேண்டுமானால் டாலர் 84-க்குக் கீழே முடிய வேண்டும். 85-இலிருந்து கிளம்பி 84-க்குக் கீழே முடியும் எந்த வழியும் 84-ஐத் தொடாமல் போக முடியாது. அப்படியென்றால் அந்த நாக்-இன் நிபந்தனை எதையும் தடுக்கவில்லை. அது சாதாரண 84 புட்தான், விலையும் அதேதான். தள்ளுபடி என்று சொல்லி யாராவது கொடுத்தால், அது ஸ்ட்ரைக் 85-இலிருந்து 84-க்கு இறங்கியதால் வந்த தள்ளுபடி.

தடை எங்கே நிற்கிறது என்று பார்க்காமல் மலிவா இல்லையா என்று சொல்லவே முடியாது. நூல்கண்டுக்கு வேறு ஒரு வகை இருக்கிறது. மேலே 86-இல் நாக்-அவுட் வைத்த 85 புட். எட்டாம்வாய்பாடு, அதையும் எண்ணிப் பாருங்களேன்.

எட்டாம்வாய்பாடு | செவ்வாய், காலை 10:20

எண்ணினேன் சார். 81-இல் முடியும் வழி 86-ஐத் தொடவே தொடாது. 83-இல் முடியும் நான்கில், முதல் மாதமே ஏறிய ஒன்று மட்டும் தொடுகிறது. அதன் 2 ரூபாய் மட்டும்தான் போகிறது. 12-இல் 10 மிச்சம், அதாவது 62.5 பைசா. தள்ளுபடி வெறும் 12.5 பைசா.

83-இல் முடியும் அந்த நான்கு வழிகளைத் தனியாக எழுதி வைத்துப் பார்த்தேன். சாதாரண புட் நான்கிலும் 2 ரூபாய் தருகிறது. கீழ்த்தடை ஒரு வழியை விழுங்குகிறது, மேல்தடை வேறொரு வழியை விழுங்குகிறது. முடிவு விலை நான்கிலும் அதே 83.

கரைமேல் | செவ்வாய், காலை 11:05

தள்ளுபடி குறைவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 86-ஐத் தொடும்போது 85 புட்டில் பெரிதாக மதிப்பு இல்லை, அதனால் அதை இழப்பதும் சிறிய இழப்பு. அதோடு, டாலர் 86-இல் இருக்கிறது என்பது ஏற்றுமதியாளருக்கு நல்ல செய்தி. புட் ரத்தான அன்றைக்கே 86-க்கு ஃபார்வர்ட் போட்டு விற்றுவிட்டால், 85 காப்பைவிட ஒரு ரூபாய் மேலேயே பூட்டிவிடலாம். ஃபார்வர்ட் பிரீமியத்தை இங்கே கணக்கில் சேர்க்கவில்லை.

கீழ்த்தடையில் இந்த வசதி இல்லை. 82-இல் ரத்தானால் நீங்கள் 82-க்குத்தான் விற்க முடியும்.

பழையகணக்கு | செவ்வாய், பிற்பகல் 1:30

தங்கச்சி, நானும் திருப்பூர்தானுங்க. 2007-இல் டாலர் 40 ரூபாய்க்கும் கீழே போனபோது எங்கள் தொழிலே ஆடிப்போச்சு. அப்போது ஒரு வங்கியில் இருந்து வந்து, பிரீமியமே இல்லாமல் ஒரு திட்டம் தருகிறோம் என்றார்கள். காகிதத்தில் டாலர்-ரூபாய் இல்லை, டாலரும் சுவிஸ் பிராங்கும்! எங்களுக்குப் பிராங்கில் ஒரு பைசா வியாபாரம் கிடையாது. ஒரு விலையைத் தொடாதவரை மாதாமாதம் பணம் வந்தது, மூன்று மாதம் வாங்கினேன். 2008 மார்ச்சில் டாலர் ஒரு பிராங்குக்குக் கீழே போச்சு. நாங்கள் விற்றிருந்த ஆப்ஷன் உயிர் பெற்றுவிட்டது என்று கடிதம் வந்தது. இரண்டு தையல் யூனிட்டில் ஒன்றை விற்றுத்தான் கட்டினேன்.

படம் எல்லாம் அன்றைக்கு எனக்கு யாரும் காட்டவில்லை. காட்டியிருந்தாலும் நான் பார்த்திருப்பேனா தெரியவில்லை, மாதாமாதம் பணம் வந்துகொண்டிருந்தது. இந்த வம்பே வேண்டாம் என்பதுதான் என் பதில்.

கரைமேல் | செவ்வாய், பிற்பகல் 2:50

அண்ணா, படிக்கும்போது மனசு கனத்துவிட்டது. அந்தக் காலத்தில் இங்கே நிறைய பேர் வழக்குப் போட்டார்கள். 2008-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் கோயம்புத்தூர்ச் சர்க்கரை ஆலை ஒன்றின் வழக்கும் டாலர்-பிராங்க் ஒப்பந்தம்தான். அது சூதாட்ட ஒப்பந்தம், செல்லாது என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை.

உங்களுக்கு நடந்ததில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நூல்கண்டு ஆப்ஷனை வாங்குகிறார். அதிகபட்சம் போவது பிரீமியமும் காப்பும். நீங்கள் நாக்-இன் ஆப்ஷனை விற்றிருந்தீர்கள். அதில் போவதற்கு எல்லை இல்லை.

தென்கொரியாவில் இதே மாதிரி ஒன்று நாடு முழுக்க நடந்தது. அங்கே அதற்குப் பெயரே கிகோ. நாக்-இன், நாக்-அவுட் இரண்டும் ஒரே ஒப்பந்தத்தில். 2007 கடைசியில் ஒரு டாலர் ஏறக்குறைய 930 வொன். சிறு ஏற்றுமதியாளர்கள் வொன் இன்னும் வலுக்கும் என்று பயந்தார்கள். ஒப்பந்தத்தின் வடிவத்தை என் எண்களில் காட்டுகிறேன்: 940-க்கு விற்கும் புட் உங்களுக்கு, 880-ஐத் தொட்டால் ரத்து. பதிலுக்கு, 980-ஐத் தொட்டால் உயிர் பெறும் கால் ஆப்ஷன் ஒன்றை, அதாவது உங்களிடம் 940-க்கு டாலர் வாங்கும் உரிமையை, நீங்கள் வங்கிக்கு விற்கிறீர்கள், அதுவும் இரண்டு மடங்கு அளவுக்கு. பிரீமியம் பூஜ்யம்.

880-க்கும் 980-க்கும் நடுவே இருக்கும்வரை இதைவிட நல்ல ஒப்பந்தம் இல்லை. 2008 செப்டம்பரில் அமெரிக்காவின் லேமன் வங்கி விழுந்த பிறகு நவம்பரில் டாலர் 1,500 வொன் பக்கம் போனது. மாதம் 10 லட்சம் டாலர் வரும் நிறுவனம் 20 லட்சம் டாலரை 940-க்குக் கொடுக்க வேண்டும். வராத 10 லட்சத்தைச் சந்தையில் 1,500-க்கு வாங்கி 940-க்குக் கொடுக்க வேண்டும். டாலருக்கு 560 வொன், ஒரு மாதத்துக்கு 56 கோடி வொன் கையிலிருந்து போகும். நன்றாக ஓடிய தொழிற்சாலைகள் இதில் மூடின. வழக்குகள் அங்கே உச்ச நீதிமன்றம்வரை போய், 2013-இல் பெரும்பாலும் வங்கிகளுக்குச் சாதகமாகவே முடிந்தன.

பழையகணக்கு | செவ்வாய், மாலை 4:10

இரண்டு மடங்கு என்பது எங்கள் காகிதத்திலும் இருந்ததுங்க. அது என்ன என்று இன்றைக்குத்தான் புரிகிறது.

எட்டாம்வாய்பாடு | செவ்வாய், மாலை 5:45

ஒரு சந்தேகம் சார். ஏற்ற இறக்கம் கூடினால் ஆப்ஷன் விலை கூடும் என்றுதான் வகுப்பில் படித்தோம். `step` மதிப்பை 1-இலிருந்து 1.5 ஆக்கினேன். சாதாரண புட் 0.75-இலிருந்து 1.125 ஆனது. 82 நாக்-அவுட் புட் 0.375-இலிருந்து 0 ஆகிவிட்டது! நிரலில் பிழையா?

கரைமேல் | செவ்வாய், மாலை 6:30

பிழை இல்லை. இரண்டு இறக்கத்திலேயே 82 வந்துவிடுகிறது, பணம் தரும் வழி எல்லாமே சுவரில் மோதுகிறது. நான்கே படி என்பதால் பூஜ்யம்வரை போய்விட்டது. உண்மையில் நாளுக்கு நாள், நிமிடத்துக்கு நிமிடம் நகரும் விலையில் அவ்வளவு முரட்டுத்தனமாக இருக்காது. ஆனால் திசை அதுதான். சந்தை கொந்தளிக்கும்போது சாதாரண புட்டின் மதிப்பு ஏறும், இந்தப் புட்டின் மதிப்பு இறங்கும். நடுவில் திருப்பி விற்க நினைத்தால் இது தெரியவரும்.

இதே காரணத்தால்தான் வங்கியின் டீலருக்கும் 82-க்குப் பக்கத்தில் தூக்கம் வராது. 82.05-இல் டாலருக்கு 2.95 கொடுக்க வேண்டியவர், 82-இல் ஒன்றும் கொடுக்க வேண்டாம். முடிவு நாள் நெருங்க நெருங்க, அந்த 5 பைசாவுக்காக அவர் பெரிய அளவில் டாலர் வாங்கவோ விற்கவோ வேண்டிவரும். நான் அந்த இருக்கையில் சில வருடம் இருந்தவன். பெரிய தடைகள் நிற்கும் விலைக்கு அருகே சந்தை ஒரு மாதிரி இழுபடும் என்று எல்லா டீலரும் சொல்வார்கள்.

நூல்கண்டு | செவ்வாய், இரவு 8:20

எல்லாருக்கும் மிக்க நன்றி. பழையகணக்கு அண்ணா, உங்கள் பதிவை முதலாளியிடம் அப்படியே வாசித்துக் காட்டினேன். நெடுநேரம் பேசவில்லை.

அந்த 16 வழிகளைக் காகிதத்தில் மரமாக வரைந்து, விழுங்கப்படும் இரண்டைச் சிவப்பு மையால் கோடிட்டுக் காட்டினேன். 82 தடை வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. இப்போது சாதாரண புட்டா, 86 மேல்தடையா என்பதுதான். வங்கியில் கேட்டேன், மேல்தடைக்கு 70 பைசா. மிச்சம் 14 பைசா, மொத்தம் 42,000 ரூபாய்.

ஒப்பந்த வரைவில் "காலத்தின் எந்த நேரத்திலும் தொட்டால்" என்று இருக்கிறது. மாலை விலை மட்டும் பார்ப்பார்கள் என்று அதிகாரி வாயால் சொன்னார். இரண்டும் ஒன்றா?

கரைமேல் | செவ்வாய், இரவு 9:00

ஒன்றில்லை. நாளுக்கு ஒருமுறை பார்க்கும் தடை, எந்நேரமும் பார்க்கும் தடையைவிடத் தொடுவதற்குக் கடினம். பகலில் 86.03 போய் மாலையில் 85.90-க்குத் திரும்பினால் ஒன்றில் செத்துவிட்டது, மற்றதில் உயிரோடு இருக்கிறது. எவ்வளவு வித்தியாசம் என்று தோராயமாகச் சொல்ல ஒரு வழி உண்டு. தினமும் ஒருமுறை பார்க்கும் தடையை, எந்நேரமும் பார்க்கும் தடையாக நினைத்துக்கொண்டு, இந்த அளவு தள்ளி வைக்க வேண்டும்:

```
H * exp(0.5826 * sigma * sqrt(dt))
```

ஆண்டு ஏற்ற இறக்கம் 4 சதவீதம், வருடத்துக்கு 252 வேலைநாள் என்று போட்டால் 86-க்கு ஏறக்குறைய 13 பைசா வரும். அதாவது மாலை விலை மட்டும் பார்க்கும் 86 தடை, எந்நேரமும் பார்க்கும் 86.13 தடைக்குச் சமம். சிறியதுதான், ஆனால் வாயால் சொன்னதும் எழுதியதும் வேறாக இருக்கக் கூடாது. எந்தத் திரையின் விலை, எந்த மணிக்கு, ஆளில்லாத நேரத்தில் வெளிநாட்டுச் சந்தையில் ஒரு சின்ன வியாபாரம் 86-இல் நடந்தால் அது தொட்டதா, தொட்டது என்று அறிவிப்பது யார் என்பதையெல்லாம் எழுதி வாங்குங்கள்.

இன்னொன்று. உங்களை எந்த வகை வாடிக்கையாளராக வைத்திருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். சில்லறை வகை என்றால் ரிசர்வ் வங்கி விதிப்படி சாதாரண ஆப்ஷன் போன்ற எளியவற்றைத்தான் தர முடியும்.

நிஃப்டிக்காரன் | செவ்வாய், இரவு 9:40

42,000 மிச்சம், ரத்தானாலும் 86-க்கு ஃபார்வர்ட். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மேல்தடையே வாங்குங்கள்.

பழையகணக்கு | செவ்வாய், இரவு 10:15

தம்பி, 86 தொட்ட அன்றைக்கு எந்த முதலாளியும் ஃபார்வர்ட் போட மாட்டாருங்க. 87 வரும் என்று காத்திருப்பார். நானே காத்திருப்பேன். அதற்குள் 84 ஆகியிருக்கும், புட்டும் இருக்காது.

கரைமேல் | செவ்வாய், இரவு 10:40

அண்ணன் சொல்வதை நான் மறுக்க மாட்டேன். 86-இல் ஃபார்வர்ட் விற்பதற்கு வங்கியிடம் இப்போதே நிலையாணை கொடுத்து வைக்க முடியுமானால் என் ஓட்டு மேல்தடைக்கு. முடியாவிட்டால் 14 பைசாவைக் கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

நூல்கண்டு | புதன், காலை 9:25

நிலையாணை வாங்குவார்களாம், ஆனால் வேலை நேரத்தில் மட்டும்தான் நிறைவேற்றுவார்களாம். தடையை மட்டும் இரவிலும் பார்ப்பார்கள். அந்த வரியை மாற்றித் தர முடியுமா என்று கேட்டிருக்கிறேன். மதியம் பதில் சொல்வதாகச் சொன்னார்கள்.